இருபத்தேழா, இருபத்துநாலா

பெண்ணாகப் பிறந்தவளுக்குத் தையல் தெரிந்துதான் இருக்கும் என்று எங்கள் மேனேஜர் நம்பினார். எனக்கோ ஊசியில் நூல் கோர்க்கவே நாலு தடவை நூலை எச்சில் தொட வேண்டும். பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்பு வந்தால் தலைவலி என்று சொல்லிவிட்டு நூலகத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். டீச்சரும் என்னைத் தேட மாட்டார். நான் தைத்த கைக்குட்டையை அவர் ஒரு தடவை பார்த்திருக்கிறார்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்கு வெளிநாட்டுக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்தன. கடற்கரைச் சாலையில் இருந்த ஒரு கப்பல் ஏஜென்சியில் நான் டைப்பிஸ்ட். ஆபீஸில் பதினோரு ஆண்கள், நான் ஒருத்தி. அக்கா வீடு முத்தையாபுரத்தில் இருந்தது. அங்கிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோவேன். நாள் முழுக்கச் சரக்குச் சீட்டுகள், சுங்கக் கடிதங்கள், கேப்டன்கள் கையால் எழுதிக்கொடுக்கும் அறிக்கைகள் என்று தட்டிக்கொண்டிருப்பேன். எந்தக் கிறுக்கல் கையெழுத்தையும் படித்துவிடுவேன் என்ற பெயர் மட்டும் எனக்கு இருந்தது. அந்தப் பெயரும் அந்த வாரம் போயிற்று.

ஒரு திங்கட்கிழமை காலையில் மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டார். எதிர் நாற்காலியில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்குமேல் இருக்கும். வெயிலில் சிவந்த முகம், நல்ல பருமனான தோள். உப்பு ஏற்ற வந்திருந்த ஜெர்மன் கப்பலின் கேப்டனுடைய மனைவி அவர். மடியில் ஒரு துணிப் பொட்டலம் வைத்திருந்தார். மேனேஜர் விஷயத்தைச் சொன்னார். கப்பல் புதன்கிழமை சாயங்காலம் புறப்படுகிறது. இங்கிருந்து நேரே ஊருக்குத்தான். போய்ச் சேர்ந்த மறுநாள் அந்தம்மாளின் மகனுக்குக் கல்யாணம். கல்யாணத்துக்குப் போட ஒரு ப்ளவுஸ் தைக்க வேண்டும். நல்ல டெய்லரிடம் கூட்டிப்போய், சொல்வதைத் தமிழில் சொல்லிக்கொடுத்தால் போதும்.

“உனக்குத் தெரியாததா, பொம்பளைங்க சமாச்சாரம்தானே” என்றார்.

தெரியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஆபீஸில் எனக்குத் தெரியாது என்று ஒரு தடவை சொன்னால் அது பத்துத் தடவை திரும்பி வரும். சரி சார் என்றேன்.

மாதா கோயிலுக்குப் பின்னால் போகிற சந்தில் ஒரு டெய்லர் அண்ணாச்சி இருந்தார். அக்காவும் நானும் அவரிடம்தான் ஜாக்கெட் தைப்போம். கடையில் இரண்டு மிஷின். ஒன்றில் அவர், மற்றதில் அவர் மனைவி. அவரை நான் மைனி என்று கூப்பிடுவேன். பெண்களுக்கு அளவு எடுப்பது மைனிதான், திரைக்குப் பின்னால் வைத்து. அண்ணாச்சி வெளியே நின்றபடியே மைனி சொல்லும் எண்களை நோட்டில் எழுதிக்கொள்வார். கோபக்காரர், ஆனால் கைவேலை சுத்தம்.

அந்தம்மாள் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே நீல நிறப் பட்டு. ஒரு பக்கம் தண்ணீர்போல் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். ஜப்பானில் ஒரு துறைமுகத்தில் வாங்கி இரண்டு வருஷமாகப் பெட்டியில் வைத்திருந்தாராம். அண்ணாச்சி விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். அவர் முகம் மாறியது. “இது ஊசி ஏறுன தடம் நிக்கிற துணியாச்சே” என்று மைனியிடம் மட்டும் சொன்னார். இதை நான் மொழிபெயர்க்கவில்லை. அது எனக்குச் சொன்னது இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

துணியோடு ஒரு தாளும் இருந்தது. தோழியின் பத்திரிகை ஒன்றிலிருந்து அந்தம்மாள் தன் கையால் பார்த்து எழுதியது. மேலே சின்னதாக ப்ளவுஸின் முன்பாகம், பின்பாகம், கை, காலர் எல்லாம் கோட்டுப்படமாக இருந்தன. ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் சென்டிமீட்டரில் ஓர் எண். கீழே ஜெர்மனில் செய்முறை, அதன் ஓரத்தில் பென்சிலால் தன் இங்கிலீஷில் அர்த்தம். அவருடைய இங்கிலீஷ் அகராதியைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாகக் கோர்த்த இங்கிலீஷ். என்னுடையது ஆபீஸ் இங்கிலீஷ். ‘தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம்’ என்று எழுத வரும், காலருக்குள் என்ன வைத்துத் தைப்பார்கள் என்று தெரியாது. அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. தையலில் அவருக்குத் தெரியாதது இல்லை. மூன்று பேருக்கும் பொதுவாக இருந்தது அந்த நீலத் துணி ஒன்றுதான்.

மைனி திரைக்குப் பின்னால் அளவு எடுத்தார். மார்புச் சுற்று முப்பத்தெட்டு இஞ்ச் சுத்தமாக இருந்தது. அந்தம்மாள் தன் தாளைக் காட்டி, மார்பு தொண்ணூற்றாறு என்றார். நான் ஓரத்தில் கணக்குப் போட்டேன். இரண்டரைச் சொச்சம் சென்டிமீட்டர் ஓர் இஞ்ச். தொண்ணூற்றாறுக்கு ஏறக்குறைய முப்பத்தேழே முக்கால். கால் இஞ்ச்தான் வித்தியாசம். எல்லோரும் தலையாட்டினோம். அந்த ஒரு நிமிஷம் எல்லாம் எளிதாகத் தெரிந்தது. அந்தம்மாளை ஆபீஸ் ஜீப்பில் ஏற்றித் துறைமுகத்துக்கு அனுப்பினேன். புதன் காலை பத்து மணிக்கு வந்து போட்டுப் பார்ப்பதாகப் பேச்சு.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் உட்கார்ந்து தாள் முழுவதையும் தமிழில் எழுதினேன். சென்டிமீட்டர் ஒவ்வொன்றையும் இஞ்ச் ஆக்கினேன். அண்ணாச்சி புள்ளிக் கணக்கு வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். அவருக்கு இஞ்ச், அதற்குக் கீழே நூல். எட்டு நூல் ஓர் இஞ்ச். ஆகவே முதலில் வகுத்து, புள்ளிக்குப் பின்னால் வருவதை எட்டால் பெருக்கி, நூலாக்கினேன். நீளம் அறுபத்திரண்டு சென்டிமீட்டர், இருபத்துநாலு இஞ்ச் மூன்று நூல். கைநீளம் ஐம்பத்தாறு, இருபத்திரண்டு இஞ்ச். தோள் பன்னிரண்டரை, நாலு இஞ்ச் ஏழு நூல். ஒவ்வொன்றையும் திருப்பிப் பெருக்கிச் சரிபார்த்தேன். எண்களில் நான் தப்புச் செய்யவில்லை. இதை இன்றைக்கும் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

சொற்களில்தான் சறுக்கினேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் தாளைக் கொண்டுபோய் வாசித்தேன். அண்ணாச்சி கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பின்பாகத்துக்கு வந்தேன். படத்தில் அதன் நடுக்கோட்டின் அருகே அந்தம்மாள் ‘துணியின் பிரேக்கில் வெட்டவும்’ என்கிறமாதிரி எழுதியிருந்தார். பிரேக் என்றால் உடைவது, பிரிவது. நான், ‘இங்கே வெட்டிப் பிரிக்கவும்’ என்று எழுதியிருந்தேன்.

அண்ணாச்சி கத்தரியைக் கீழே வைத்தார். “முதுக நடுவுல ரெண்டாப் பொளக்கச் சொல்லுதியா?”

தாளில் பிரேக் என்றுதான் இருக்கிறது என்றேன். அவர் படத்தைத் தன் பக்கம் திருப்பி ஒரு நொடி பார்த்தார். “இது பாதிப் படம்லா. துணிய மடிச்சு, மடிப்பு இந்தக் கோட்டுல வாரமாரி வச்சு வெட்டணும். விரிச்சா முழு முதுகு. பிரேக்குமில்ல கிளட்சுமில்ல.”

சரிதான். துணி மடங்கும் இடத்தை ஜெர்மன்காரர்கள் அப்படிச் சொல்வார்கள்போல. அகராதியில் அந்தம்மாளுக்கு அந்தச் சொல் அகப்பட்டிருக்கிறது. நான் அடித்துத் திருத்தினேன்.

அடுத்து தைக்கும் முறை. முன்பாகத்தையும் பின்பாகத்தையும் வலது பக்கம் வலது பக்கத்தோடு சேரும்படி வைத்துத் தைக்கவும் என்று வாசித்தேன்.

“யாருக்கு வலது?” என்றார் அண்ணாச்சி.

போடுகிறவருக்கு என்றேன், யோசிக்காமல்.

மைனி மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. முன்பாகத்தின் வலது பக்கத்தைப் பின்பாகத்தின் வலது பக்கத்தோடு சேர்த்துவிட்டால், இடது பக்கம் எங்கே போகும் என்று கேட்டார். பிறகு அவரே பட்டுத் துணியைப் புரட்டிக் காட்டினார். பளபளப்பாக இருப்பது நல்ல பக்கம், மங்கலாக இருப்பது உள்பக்கம். நல்ல பக்கமும் நல்ல பக்கமும் முகம் பார்க்கிறமாதிரி வைத்து உள்பக்கம் தையல் போடுவது. இங்கிலீஷில் வலதுக்கும் சரியானதுக்கும் ஒரே சொல் என்பது எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். தெரிந்தும் அந்த இடத்தில் அது கையில் வரவில்லை. அவமானமாக இருந்தது. அதற்குமேல் கோபமாக இருந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம்.

இரண்டு தப்புக்குப் பிறகு அண்ணாச்சி கேட்கிற விதம் மாறிவிட்டது. நான் ஒரு வரி வாசிப்பேன். அவர் படத்தைப் பார்த்துக்கொள்வார். என் வாயிலிருந்து வந்ததை அவர் கண் ஒவ்வொரு தடவையும் சரிபார்த்தது. இந்த நிலையில்தான் அந்த எண் வந்தது.

முன்பாகத்தின் பாதிப் படத்தில் மார்புக் குறுக்கே ஒரு கோடு. அதில் நான் படித்தது இருபத்தேழு. இஞ்சில் பத்து இஞ்ச் ஐந்து நூல் என்று எழுதியிருந்தேன். பின்பாகத்துக்கும் அதே அளவு.

“பத்தே அஞ்சு நூலா?” அவர் விரலை மடக்கினார். “நாலு பாகத்துக்கு நாப்பத்திரெண்டரை. அந்தம்மா ஒடம்பு முப்பத்தெட்டு. நாலரை இஞ்ச் கூட. நீ கணக்க எங்கயோ விட்டுட்ட தங்கச்சி.”

கணக்கை விடவில்லை என்றேன். அவர் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தார். அது ஒரு பக்கம் அறுபது இஞ்ச், மறுபக்கம் சென்டிமீட்டர். எதற்கு இந்தக் கணக்கெல்லாம், திருப்பினால் தெரிந்துவிடுகிறது என்று சொல்லி, சென்டிமீட்டர் பக்கத்தில் இருபத்தேழைப் பிடித்து டேப்பைத் திருப்பினார். அங்கே நாற்பத்தொன்பது இஞ்சும் மூன்று நூலும் இருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். நான் என்னவோ சூனியம் வைத்தமாதிரி ஒரு பார்வை.

அந்த டேப்பில் இஞ்ச் ஒரு முனையிலிருந்து ஆரம்பிக்கிறது, சென்டிமீட்டர் மறுமுனையிலிருந்து. அப்படியே திருப்பினால் எதிர்முனைக் கணக்குத்தான் தெரியும். இதை நான் வாயால் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். பிறகு டேப்பை வாங்கி, மேசையில் சாக்கட்டியால் இருபத்தேழு சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டேன். டேப்பைப் புரட்டி, இஞ்ச் முனையைக் கோட்டின் ஆரம்பத்தில் வைத்தேன். பத்து இஞ்ச் ஐந்து நூல், ஒரு மயிரிழை பிசகில்லை.

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். ஒத்துக்கொள்கிற மனிதர்தான். கணக்கு சரி என்றார். நான் மூச்சு விட்டேன். அவர் விடவில்லை.

“கணக்கு சரி. எண்ணுதான் தப்பு. இது ஏழு இல்ல, நாலு. நடுவுல குறுக்க ஒரு கோடு போட்டிருக்கு பாரு. ஏழுக்கு எவன் குறுக்க கோடு போடுவான்? இருபத்துநாலுன்னு வச்சுக்கோ. நாலு பாகத்துக்குத் தொண்ணூத்தாறு. அந்தம்மா சொன்ன மாருச் சுத்து என்ன?”

தொண்ணூற்றாறு.

அவ்வளவு பொருத்தமாக இருந்தது அவர் சொன்னது. ஆனால் அது ஏழு. எனக்குத் தெரியும். ஜெர்மன் கேப்டன்களும் டச்சுக் கேப்டன்களும் ஏழுக்குக் குறுக்கே கோடு போடுவார்கள். ஆபீஸில் நூற்றுக்கணக்கான ஏழுகளை அப்படிப் படித்துத் தட்டியிருக்கிறேன். சொன்னேன். அந்த ஊரில் ஏழு இப்படித்தான் அண்ணாச்சி என்றேன். அப்படியானால் உடம்பைவிட நாலரை இஞ்ச் ஏன் கூட வருகிறது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நான் அறிந்த ப்ளவுஸ் சேலைக்குள் போடுகிற ஜாக்கெட். உடம்பளவுக்குமேல் அரை இஞ்ச் விடுவார்கள், தளர்வாக இருந்தால் தைத்தவரைத் திட்டுவோம். அண்ணாச்சிக்கும் அதே ப்ளவுஸ்தான். வெள்ளைக்காரர்கள் ப்ளவுஸ் என்று சொல்வது சட்டைபோலத் தொளதொளவென்று விடுகிற ஒன்று என்பது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. ஒரே சொல்தானே, அதில் மொழிபெயர்க்க என்ன இருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக இரண்டு சொல் இருந்தது. ‘காற்றோடு சேர்த்து’ என்று அர்த்தம். முந்தின நாள் அதைப் படித்துவிட்டு ஒன்றும் புரியாமல் தமிழ்த் தாளில் எழுதாமல் விட்டிருந்தேன். இப்போது அது என் கண் முன்னால் இருந்தது. பிரேக் போச்சு, வலது போச்சு, இனிக் காற்று என்று வேறு சொன்னால் மைனி மறுபடியும் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரிப்பார். நான் அதைச் சொல்லவில்லை. அந்தம்மாளையே கேட்டுவிடலாமே என்றால், கப்பல் ஏழெட்டு மைல் தள்ளி நிற்கிறது, ஆபீஸ் ஜீப் சுங்கத்துக்குப் போயிருக்கிறது. நான் இரண்டு மணிக்கு என் நாற்காலியில் இருக்க வேண்டும். மேனேஜரிடம் சொல்லி ஆள் அனுப்பலாம். சொன்னால், ஓர் எண்ணைப் படிக்கத் தெரியவில்லையா என்பார்.

“நீங்க பாத்துச் செய்யுங்க அண்ணாச்சி” என்றேன்.

அவர் பத்தே ஐந்து நூலை அடித்துவிட்டு ஒன்பதரை என்று எழுதினார். எனக்கு முன்னாலேயே துணியில் சாக்கட்டியால் கோடு போட்டார். தையலுக்குத் தாளில் ஒன்றரை சென்டிமீட்டர், அதாவது ஐந்து நூல்தான் சொல்லியிருந்தது. அது என்ன பிச்சைக்கார அளவு என்று முணுமுணுத்துக்கொண்டு, வழக்கம்போலப் பக்கத் தையலுக்கும் கைத்தையலுக்கும் ஒன்றேகால் இஞ்ச் உள்ளே விட்டு வெட்டினார். கத்தரி பட்டில் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

புதன்கிழமை பத்து மணிக்கு அந்தம்மாள் வந்தார். ப்ளவுஸ் தயாராக இருந்தது. காலர் கத்திமுனை மாதிரி, காஜா எட்டும் அச்சில் வார்த்தமாதிரி. அவர் கையில் வாங்கியதும் அதைத்தான் முதலில் பார்த்தார், விரலால் காலரைத் தடவினார். பிறகு மைனியோடு திரைக்குப் பின்னால் போனார்.

திரைக்கு வெளியே நானும் அண்ணாச்சியும் காத்து நின்றோம். பிறகு மைனி என்னை உள்ளே கூப்பிட்டார்.

பொத்தான்கள் மாட்டியிருந்தன. ஆனால் ஒவ்வொரு பொத்தானுக்கும் இடையில் துணி வாய் பிளந்து நின்றது. அந்தம்மாள் கையை முன்னால் நீட்ட முயன்றார். முதுகில் பட்டு இறுகிக் குறுக்கு மடிப்பு விழுந்தது. அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னைப் பார்த்து மெதுவாக, காற்று எங்கே என்று கேட்டார். ப்ளவுஸின் பக்கத்தைக் கிள்ளி இழுத்துக்காட்டி, இங்கே காற்று வேண்டும், நான் எழுதியிருந்தேனே என்றார். உடம்புக்கும் துணிக்கும் நடுவில் விடுகிற தளர்வு. அதைத்தான் அவர் காற்று என்று எழுதியிருந்தார். தாளை எடுத்து விரலை வைத்தார். இருபத்தேழு. ஏழு என்று தன் கையால் காற்றில் எழுதிக் காட்டினார், குறுக்குக் கோட்டோடு.

திரைக்கு வெளியே வந்து அண்ணாச்சியிடம் சொன்னேன். ஏழுதான் என்றேன். உடம்பளவு வேறு, துணியளவு வேறு, நாலரை இஞ்ச் வேண்டுமென்றே விட்டது என்றேன். காற்று என்று எழுதியிருந்ததை நான் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். அவர் டேப்பைக் கையில் சுற்றினார்.

“எத்தன மணிக்குக் கப்பல்?”

நாலரைக்குள் அந்தம்மாள் கப்பலில் இருக்க வேண்டும் என்றேன்.

“உள்ள ஒண்ணேகால் விட்டிருக்கேன். மூணு நூல நிறுத்திட்டு மிச்சத்த விட்டா, ஓரத்துக்கு ஏழு நூல். நாலு ஓரம். மூணரை இஞ்ச் வரும். நாப்பத்தொண்ணரை. ஒரு இஞ்ச் கொறையும், அது என்னால ஆகாது. முதுகு குறுக்களவும் அப்படியேதான் இருக்கும். ரெண்டையும் சொல்லிரு.”

இதை நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அந்தம்மாள் கேட்டுக்கொண்டு தலையாட்டினார். பிறகு அண்ணாச்சி இன்னொன்று சொன்னார், குரலைத் தாழ்த்தி. பிரித்துவிட்ட இடத்தில் பழைய தையல் தடம் தெரியும், இந்தப் பட்டில் ஊசி போன துவாரம் மூடாது. அதையும் சொல்ல வேண்டியவள் நான்தான். சொன்னேன். அந்தம்மாள் தன் நீலப் பட்டைப் பார்த்தார். அவர் ஏதோ ஜெர்மனில் சொன்னார், தனக்குத்தானே. அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

மைனி கையிலிருந்த வேலையைத் தள்ளிவிட்டு முதலில் கைகளைக் கழற்றினார். அண்ணாச்சி பக்கத் தையலைப் பிளேடால் ஒவ்வொரு கண்ணாகப் பிரித்தார். பக்கத்தை விட்டால் கைக்குழி பெரிதாகும், கையையும் அதே அளவு விட்டால்தான் பொருந்தும். அந்தம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து, அவர்கள் பிரித்துப்போட்ட நூலைத் தரையிலிருந்து பொறுக்கி உருட்டிக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் வேலை இல்லை. மொழிபெயர்க்க யாரும் எதுவும் பேசவில்லை. ஆபீஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிப் போகவும் முடியவில்லை.

மூன்று மணிக்கு முடிந்தது. போட்டுப் பார்த்தார். பொத்தான் நேராக நின்றது. கை முன்னால் போனது, முழுதாக இல்லை. மேலே தூக்கினால் முதுகு இழுத்தது. கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பினார். அக்குளிலிருந்து இடுப்புவரை, இரண்டு பக்கமும், தையலுக்கு முன்னாலும் பின்னாலும் புள்ளி புள்ளியாக ஒரு கோடு இறங்கியது. மைனி தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டிருந்தார். அப்படியும் போகவில்லை.

அந்தம்மாள் கையைத் தொங்கவிட்டு உடம்போடு ஒட்டிக்கொண்டார். கோடு மறைந்தது. கையை இப்படி வைத்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது என்றார். சிரிக்கத்தான் முயன்றார். மகனின் கல்யாணத்தில் ஒரு தாய் நாள் முழுக்கக் கையை ஒட்டிவைத்துக்கொண்டு எப்படி நிற்பார்? யாரையாவது கட்டிப்பிடிக்க வேண்டாமா? இதை நான் கேட்கவில்லை. அவருடைய பொட்டலத்தைக் கட்டிக்கொடுத்தேன். அண்ணாச்சிக்கும் மைனிக்கும் கை கொடுத்தார். என் கையை இரண்டு கையாலும் பிடித்து, உன்னுடைய இங்கிலீஷ் நல்ல இங்கிலீஷ், என்னுடையதுதான் மோசம் என்றார். ஜீப் வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று.

ஆபீஸுக்குப் போனபோது மேனேஜர், எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா என்று கேட்டார். முடிந்தது சார் என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டு வேறு கடிதத்தைக் கொடுத்தார். அதில் நான் மூன்று இடத்தில் தப்பாகத் தட்டினேன்.

மறுநாள் சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகிற வழியில் அண்ணாச்சி கடையில் நின்றேன். தாள் அங்கேயே கிடந்தது, அதை எடுக்கத்தான் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் சண்டை போடத்தான் போனேன். இரண்டு நாளாக உள்ளே கிடந்து கொதித்தது. அந்தக் கோட்டை மேசையில் போட்டுக் காட்டியது நான். ஏழு என்று சொன்னது நான். ஆனாலும் சொல்லாமல் விட்டதும் நான்தான். யார்மேல் எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை.

அவர் மிஷினை நிறுத்தாமல் தைத்துக்கொண்டிருந்தார். நான் தாளை எடுத்து மடித்தேன். அவர்தான் முதலில் பேசினார்.

“ஏழுன்னு தெரிஞ்சிருக்கு உனக்கு. நீ அழுத்திச் சொல்லியிருக்கணும் தங்கச்சி.”

“சொன்னேனே அண்ணாச்சி.”

“ஒரு தடவ சொன்ன. அப்புறம் பாத்துச் செய்யுங்கன்னுட்ட.”

“அழுத்திச் சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?”

மிஷின் நின்றது. அவர் உடனே பதில் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டார். யோசித்துத்தான் சொன்னார்.

“கேட்டிருக்க மாட்டேன்.”

மைனி சூடான பால் வாங்கித்தரவா என்று கேட்டார். வேண்டாம் மைனி, பஸ் போயிரும் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். உண்மையில் அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. நிறுத்தத்தில் நின்று, பத்தே ஐந்து நூல் சரி, பத்தே ஐந்து நூல் சரி என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உப்பளத்து வேலை முடிந்து நின்ற பெண்கள் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்கள். வாய்விட்டே சொல்லியிருப்பேன்போல.